மூன்று பலகையில் ஓடும் கார்

ஒரு மின்சாரக் கார் நாளொன்றுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓட சுமார் ஆறு யூனிட் மின்சாரம் போதும். தமிழ்நாட்டு வெயிலில் மாடியில் வைக்கும் ஒரு கிலோவாட் சோலார், ஆண்டு முழுக்கச் சராசரி பார்த்தால், நாளுக்கு நான்கு யூனிட் தருகிறது. அப்படியானால் ஒன்றரை கிலோவாட் இருந்தால் காருக்கான மின்சாரம் கிடைத்துவிடும். இப்போது சந்தையில் கிடைக்கும் 540 வாட் பலகைகளில் அது மூன்றே பலகைகள். ஒரு பலகை ஏழரை அடி நீளம், நான்கு அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். மூன்றையும் சேர்த்தால் மொட்டை மாடியில் துணி காயப்போடும் இடம்தான் ஆகும்.

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும், சோலார் போட்ட பல வீடுகளில் கார் இரவு எட்டு மணிக்குத்தான் சார்ஜ் ஏறுகிறது. பலகை வேலை செய்யும் நேரத்தில் கார் அலுவலக வாசலில் நிற்கிறது. கார் வீட்டுக்கு வரும்போது சூரியன் இல்லை. ஆண்டுக் கணக்கில் யூனிட்டுகள் பொருந்துகின்றன, மணிக்கணக்கில் பொருந்துவதில்லை. அந்த இடைவெளியை எப்படிக் கையாளுவது, எப்போது அதைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை, எப்போது கட்டாயம் கவலைப்பட வேண்டும் என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

ஒரு வீட்டின் கணக்கு

கோயம்புத்தூர் புறநகரில் ஒரு தனி வீடு என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் கொண்ட குடும்பம். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் செலவாகிறது. புதிதாக 30 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட ஒரு காரை வாங்குகிறார்கள். டாடா நெக்ஸானின் சிறிய பேட்டரி வகை இந்த அளவுதான். வாரத்துக்கு 240 கிலோமீட்டர் ஓட்டம். யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்தால், சக்கரத்துக்குப் போவது வாரத்துக்கு 34 யூனிட். ஆனால் மாற்று மின்சாரத்தை நேர் மின்சாரமாக மாற்றி பேட்டரிக்குள் ஏற்றும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். அதையும் சேர்த்தால் சுவரில் உள்ள பிளக்கிலிருந்து வாரத்துக்கு 40 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 340 யூனிட் எடுக்க வேண்டியிருக்கும்.

சோலார் இல்லாமல் இதை மின்வாரியத்திடம் வாங்கினால் என்ன ஆகும்? தமிழ்நாட்டின் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 601 முதல் 800 யூனிட் வரை யூனிட்டுக்கு 9 ரூபாய் 65 காசு, 801 முதல் 1,000 வரை 10 ரூபாய் 70 காசு, அதற்கு மேல் 11 ரூபாய் 80 காசு. வீட்டுச் செலவான 700 யூனிட்டுக்கு மேல் காரின் 340 யூனிட் போய் உட்கார்வதால், அவை எல்லாமே உச்சப் படிகளில்தான் விழும். கணக்குப் போட்டால் காருக்காக மட்டும் இரண்டு மாதத்துக்குச் சுமார் 3,575 ரூபாய். பெட்ரோலோடு ஒப்பிட்டால் இதுவும் மலிவுதான். அதே தூரத்தை லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் ஓடினால் ஏறக்குறைய 14,000 ரூபாய் ஆகியிருக்கும். ஆனாலும் முதல் நூறு யூனிட் இலவசமாகக் கிடைக்கும் அதே வீட்டில் காரின் ஒவ்வொரு யூனிட்டும் சராசரியாகப் பத்து ரூபாய்க்கு மேல் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சோலார் மிச்சப்படுத்தித் தருவது இந்த விலை உயர்ந்த யூனிட்டுகளைத்தான்.

இந்த வீட்டின் மாடியில் 5 கிலோவாட் சோலார் போட்டால் இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 1,200 யூனிட் உற்பத்தியாகும். வீடும் காரும் சேர்ந்து 1,040 யூனிட். காகிதத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. இனி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

நண்பகலில் மாடியில் என்ன நடக்கிறது

5 கிலோவாட் என்று எழுதப்பட்ட அமைப்பு 5 கிலோவாட் தருவது அரிது. அந்த எண் ஆய்வகத்தில், பலகையின் வெப்பம் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மார்ச் மாத வெயிலில் மாடியில் கிடக்கும் பலகையின் உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் உற்பத்தி நூற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. அதோடு தூசியும் இன்வெர்ட்டர் இழப்பும் சேர, நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு மணிக்கு இந்த அமைப்பிலிருந்து சுமார் 4 கிலோவாட் வரும். காலை ஒன்பது மணிக்கு இரண்டு கிலோவாட்டைச் சற்றுத் தாண்டும். பிற்பகல் நான்கு மணிக்கு ஒன்றரைக்கு இறங்கிவிடும்.

இதிலிருந்து வீடு எடுத்துக்கொள்வதைக் கழிக்க வேண்டும். பகல் நேரத்தில் ஃபிரிட்ஜ், இரண்டு மூன்று மின்விசிறி, தொலைக்காட்சி, வைஃபை எல்லாம் சேர்ந்து 400 அல்லது 500 வாட். நீர்மூழ்கி மோட்டார் ஓடும் அரைமணி நேரத்தில் கூடுதலாக ஒரு கிலோவாட். மிச்சம் இருப்பதுதான் உபரி. நண்பகலில் அது மூன்றரை கிலோவாட். காரோடு தரும் 15 ஆம்பியர் பிளக் கொண்ட சார்ஜிங் கேபிள் எடுப்பது சுமார் 3 கிலோவாட். அதாவது பதினொரு மணி முதல் இரண்டு மணி வரை, வெயில் நன்றாக இருந்தால், காருக்குப் போகும் மின்சாரம் முழுக்க மாடியில் விளைந்தது. மின்வாரியத்திடமிருந்து ஒரு துளியும் வராது.

இந்த வீட்டுக்காரர் வார நாட்களில் காரை அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறவர் என்றால் சனி, ஞாயிறு பகல்தான் கிடைக்கும். வாரத்துக்குத் தேவையான 40 யூனிட்டை 3 கிலோவாட் வேகத்தில் ஏற்றப் பதின்மூன்று மணி நேரம் ஆகும். இரண்டு நாளும் காலை ஒன்பதரை முதல் மாலை நான்கு வரை செருகி வைத்தால் அது கிடைத்துவிடும். அதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு நேரடியாகச் சூரியனிலிருந்து வரும். காலையிலும் மாலையிலும் பற்றாக்குறைப் பகுதி மட்டும் கம்பியிலிருந்து வரும். ஆனால் பேட்டரியின் கொள்ளளவே 30 கிலோவாட் மணி என்பதால் ஒரு வாரத்துக்கானதை இரண்டு நாளில் சேர்த்து வைக்க முடியாது. புதன்கிழமை இரவு ஒரு முறை செருகியாக வேண்டும். 45 கிலோவாட் மணி பேட்டரி வாங்கியவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

மீட்டர் எந்த வகை?

வெயிலில் சார்ஜ் செய்தால்தான் லாபமா என்ற கேள்விக்கு விடை மாடியில் இல்லை, மீட்டரில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு நெட் மீட்டரிங் முறை உண்டு. பழைய மீட்டரை எடுத்துவிட்டு இருவழி மீட்டர் வைப்பார்கள். வீட்டுக்குள் வந்த யூனிட் ஒரு எண்ணாகவும், வீட்டிலிருந்து வெளியே போன யூனிட் இன்னொரு எண்ணாகவும் அதில் பதிவாகும். பில் போடும்போது வந்ததிலிருந்து போனதைக் கழித்து, மீதிக்குத்தான் கட்டணம். போனது அதிகமாக இருந்தால் அடுத்த பில்லுக்கு வரவு வைக்கப்படும். புதன்கிழமை நண்பகல் கார் அலுவலகத்தில் நின்றபோது வெளியே போன பத்து யூனிட், அன்று இரவு கார் எடுத்த பத்து யூனிட்டை அப்படியே சரிக்கட்டிவிடும். இந்த முறையில் இருக்கும் குடும்பம் எப்போது சார்ஜ் செய்தாலும் பில் தொகை மாறாது. மாடியின் மொத்த உற்பத்தியும் வீட்டின் மொத்தச் செலவும் மட்டுமே அங்கே கணக்கு. கூடுதல் கருவிகளை விற்க வருபவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

கடை, மருத்துவமனை, அலுவலகம் போன்ற பல இணைப்புகளுக்கு நிலைமை வேறு. அங்கே வெளியே போகும் யூனிட்டுக்கு, உள்ளே வரும் யூனிட்டைவிடக் குறைந்த விலைதான் வரவாகும். வீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு மருத்துவர் வணிக இணைப்பில் சோலார் போட்டிருந்தால், நண்பகலில் வெளியே அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டிலும் அவருக்கு நட்டம்தான். அதே யூனிட்டைத் தன் காருக்குள் ஏற்றினால் வாங்கும் விலை முழுவதும் மிச்சம். அவருடைய கார் நண்பகலில் வீட்டு வாசலிலேயே நிற்கிறது என்பதும் அவருக்குச் சாதகம்.

உலகம் போகும் திசையும் இரண்டாவது முறையை நோக்கித்தான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2023 ஏப்ரல் முதல் புதிதாகச் சோலார் போடுபவர்களுக்கு வெளியே அனுப்பும் யூனிட்டின் மதிப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒழுங்குமுறை ஆணையம் 2025-26க்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஏற்றுமதி விலை யூனிட்டுக்கு ஒரு சென்ட்டில் நூற்றில் நான்கு பங்கு. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அங்கே சோலார் வைத்திருப்பவருக்கு நண்பகல் மின்சாரத்தை ஏதாவது செய்து வீட்டுக்குள்ளேயே செலவழிப்பதுதான் ஒரே வழி. வீட்டில் இருப்பதிலேயே பெரிய பாத்திரம் காரின் பேட்டரி.

இந்த விலை ஏன் விழுகிறது என்பதற்கு இலங்கையில் நடந்ததைப் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையையொட்டித் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக்கிடந்தன. மின்தேவை தாழ்ந்துவிட்டது, வெயிலோ கொளுத்தியது. கூரைகளில் விளைந்த மின்சாரம் கட்டுக்கடங்காமல் போகும் என்று அஞ்சிய இலங்கை மின்சார சபை, பகல் நேரத்தில் கூரைச் சோலாரை அணைத்து வைக்கும்படி அதன் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. நண்பகலில் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் விளைவதை வாங்க ஆளில்லை என்பதுதான் சிக்கல். இந்தியாவிலும் மத்திய மின் அமைச்சகம் 2023 ஜூனில் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, வெயில் நேரத்தில் மின்கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது இருபது விழுக்காடு மலிவாகவும், உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அது வீடு வரை வந்து சேரும்போது, இரவு எட்டு மணிக்குக் காரைச் செருகும் பழக்கம் செலவு வைக்கும் பழக்கமாகிவிடும்.

ஆறு ஆம்பியர் என்ற வாசற்படி

பெரிய மாடி இல்லாதவர்கள் 3 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் மானியமும் அந்த அளவில்தான் உச்சத்தை எட்டுகிறது: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை பலகை போட்டாலும் ஒரு தனி வீட்டுக்கு மானியம் கூடாது.

3 கிலோவாட் வீட்டில் நண்பகல் உற்பத்தி சுமார் 2.4 கிலோவாட். வீட்டுச் செலவு போக உபரி 1.9. அங்கே 3 கிலோவாட் எடுக்கும் கேபிளைச் செருகினால், வெயில் உச்சியில் இருக்கும்போதே ஒரு கிலோவாட்டுக்கு மேல் வெளியிலிருந்து வரும். உபரியை மட்டும் பயன்படுத்த வேண்டுமானால் காரை மெதுவாகக் குடிக்கச் சொல்ல வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. சார்ஜருக்கும் காருக்கும் நடுவே உள்ள கேபிளில் மின்சாரம் போகும் தடித்த கம்பிகளோடு ஒரு மெல்லிய கம்பியும் உண்டு. அதன் வழியாகச் சார்ஜர் காருக்கு ஒரு துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, நொடிக்கு ஆயிரம் முறை. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு அகலம் என்பதுதான் செய்தி. துடிப்பு நேரத்தில் பத்து விழுக்காடு என்றால் ‘ஆறு ஆம்பியருக்கு மேல் எடுக்காதே’ என்று பொருள். இருபது விழுக்காடு என்றால் பன்னிரண்டு ஆம்பியர். கார் அதைப் படித்து அந்த எல்லைக்குள் எடுத்துக்கொள்கிறது. முடிவெடுப்பது சார்ஜர் மட்டுமல்ல. காருக்குள் இருக்கும் மின்மாற்றிப் பெட்டிதான் உண்மையில் மின்சாரத்தை இழுக்கிறது.

இந்தச் சர்வதேச முறையில் ஆறு ஆம்பியருக்குக் கீழே போக வழியில்லை. 230 வோல்ட்டில் ஆறு ஆம்பியர் என்பது 1,380 வாட். உபரி அதைவிடக் குறைந்தால் இரண்டில் ஒன்றுதான்: சார்ஜிங்கை நிறுத்த வேண்டும், அல்லது பற்றாக்குறையை வெளியிலிருந்து வாங்க வேண்டும். 3 கிலோவாட் வீட்டில் நல்ல வெயில் நாளில் இந்த வாசற்படியைத் தாண்டும் நேரம் நான்கைந்து மணி நேரம். நவம்பர் மாத மேகத்தில் சென்னையில் சில நாள் ஒரு மணி நேரம்கூடத் தாண்டாது.

உபரியைப் பார்த்துத் தானே வேகத்தை மாற்றும் சார்ஜர்கள் இந்தத் துடிப்பைத்தான் கையாள்கின்றன. பிரிட்டனில் பரவலாக உள்ள ஸாப்பி அந்த வகை. வீட்டின் பிரதான கம்பியைச் சுற்றி வளையல் போன்ற ஓர் உணரியை மாட்டுவார்கள். மின்சாரம் வீட்டுக்குள் வருகிறதா, வெளியே போகிறதா, எத்தனை வாட் என்பதை அது அளந்து சொல்லும். வெளியே 1,800 வாட் போனால் சார்ஜர் காருக்கு எட்டு ஆம்பியரைக் கொடுக்கும். வீட்டில் யாராவது மிக்ஸியைப் போட்டால் சில நொடிகளில் ஆறுக்கு இறக்கும். மேகம் வந்தால் உடனே நிறுத்தாமல் சில நிமிடம் பொறுத்துப் பார்க்கும். இல்லாவிட்டால் நாள் முழுக்க அதன் சுவிட்ச் திறந்து மூடித் தேய்ந்துபோகும்.

இந்த உணரியை மாட்டுவதில் நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் அடிக்கடி நடக்கிறது. அதன் மேல் அம்புக்குறி இருக்கும். அதைத் தலைகீழாக மாட்டிவிட்டால் வருவது போவதாகவும் போவது வருவதாகவும் தெரியும். அப்புறம் கார் நண்பகலில் சும்மா நிற்கும், இரவில் முழு வேகத்தில் ஏறும். சந்தேகம் வந்தால், இரவில் சார்ஜிங் இல்லாதபோது வீட்டில் ஹீட்டரைப் போட்டுப் பார்க்கலாம். செயலியில் ‘வெளியே போகிறது’ என்று காட்டினால் உணரி திரும்பியிருக்கிறது.

நெட் மீட்டரிங் வீட்டுக்கு இவ்வளவு நுட்பம் தேவையில்லை என்று பார்த்தோம். நடுவழி ஒன்றும் உண்டு. சில கார்களின் திரையிலோ செயலியிலோ சார்ஜிங் வேகத்தை இறக்கி வைக்கலாம். தொடங்கும் நேரத்தையும் குறித்து வைக்கலாம். காலை பத்தரைக்குத் தொடங்கி மூன்றுக்கு நிறுத்து என்று அமைத்துவிட்டால், பெரும்பாலான நாட்களில் விலை உயர்ந்த சார்ஜர் செய்வதில் பெரும்பகுதி நடந்துவிடும். வேகத்தைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது காரின் கணினிகளும் விசிறியும் விழித்திருக்கும். அவை எடுக்கும் வாட் வேகத்தைப் பொறுத்துக் குறையாது. அதனால் ஆறு ஆம்பியரில் ஏற்றினால் வீணாகும் பங்கு பதினைந்து ஆம்பியரில் ஏற்றுவதைவிட அதிகம்.

சுவரிலிருந்து கார் வரை

அடிப்படை ஏற்பாட்டில் பலகையும் இன்வெர்ட்டரும் இருவழி மீட்டரும் சோலார் நிறுவனத்தின் பொறுப்பு. காருக்கான கம்பி பெரும்பாலும் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் கையில் போகிறது. பிரச்சினைகளும் அங்கேதான் முளைக்கின்றன.

வாஷிங் மெஷினுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் போட்ட 16 ஆம்பியர் சாக்கெட்டும் கார் எடுப்பதும் ஒரே அளவு மின்சாரம்தானே என்று நினைப்பது இயல்பு. ஹீட்டர் பதினைந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். கார் அதே மின்சாரத்தை எட்டு, பத்து மணி நேரம் நிறுத்தாமல் இழுக்கும். சாக்கெட்டின் உள்ளே ஓர் இடுக்கு தளர்ந்திருந்தாலும் அங்கே சூடு சேர்ந்துகொண்டே போகும். பிளக்கைத் தொட்டால் கை பொறுக்க முடியாத சூடு, சாக்கெட்டின் துளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறம், லேசான பிளாஸ்டிக் வாடை, காரணமில்லாமல் பாதியில் நிற்கும் சார்ஜிங் எல்லாம் அதன் அடையாளங்கள். முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பது எந்தக் கருவியும் கேட்காத சோதனை.

சரியான ஏற்பாடு என்பது மெயின் போர்டிலிருந்து கார் நிற்கும் இடத்துக்கு நேராக வரும் தனிக் கம்பி. வேறு எந்தச் சாக்கெட்டும் அதில் கிளைக்கக் கூடாது. 15 ஆம்பியர் கேபிளுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தூரம் அதிகமானால் 6. அதற்கென்று தனி எம்.சி.பி., மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கடைசியில் சொன்னதை வாங்கும்போது ‘ஏ’ வகை என்று கேட்டு வாங்க வேண்டும். காரின் உள்ளே நேர் மின்சாரம் இருப்பதால் கசிவும் சில நேரம் அந்தக் குணத்தோடு வரும்; சாதாரண ‘ஏசி’ வகைக் கருவி அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் வைப்பதானால் 32 ஆம்பியர் தொடர்ந்து ஓடும். அதற்குக் கம்பி இன்னும் தடிமனாக வேண்டும், இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் மின்வாரியத்தில் உயர்த்த வேண்டியிருக்கும். 5 கிலோவாட் சோலார் வீட்டில் உபரி ஒருபோதும் ஏழு கிலோவாட்டைத் தொடாது. அவசரத்துக்கு வேகமாக ஏற்ற வேண்டிய தேவை இருந்தால் தவிர, சூரியனுக்காக அந்தச் சார்ஜரை வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது எர்த். பழைய வீடுகளில் சாக்கெட்டின் மூன்றாவது துளை பல நேரம் பெயருக்குத்தான் இருக்கும். உள்ளே கம்பி எங்கும் போகாது. ஃபிரிட்ஜும் மிக்ஸியும் அதைப் பற்றிப் புகார் சொல்லாமல் ஓடும். கார் சார்ஜர் ஓடாது. செருகியவுடன் எர்த் இருக்கிறதா என்று அது சோதிக்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும். புதுக் கார் வந்த முதல் நாளே ‘சார்ஜர் பழுது’ என்று ஷோரூமுக்குப் போகும் அழைப்புகளில் பலவற்றுக்கு விடை மண்ணில் புதைக்க வேண்டிய ஓர் எர்த் கம்பிதான். அதை மறைக்க நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே இணைத்துவிடும் குறுக்கு வழியை எந்த எலக்ட்ரீஷியன் சொன்னாலும் ஏற்கக் கூடாது. நியூட்ரல் ஒருநாள் அறுந்தால் காரின் உடம்பிலேயே 230 வோல்ட் நிற்கும்.

வெயில் இருந்தும் ஓடாத நாட்கள்

மின்தடை வந்தால் மாடியில் வெயில் கொளுத்தினாலும் சோலார் நின்றுவிடும் என்பது பலருக்கு முதல் மின்தடையில்தான் தெரிகிறது. இது பழுதல்ல. கம்பியில் வேலை செய்யும் ஊழியர், வாரியம் மின்சாரத்தை நிறுத்திவிட்டது என்று நம்பிக் கையை வைப்பார். அந்த நேரம் ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் எதிர்த்திசையில் வந்தால் உயிர் போகும். அதனால் கம்பியில் மின்சாரம் நின்ற இரண்டு நொடிக்குள் இன்வெர்ட்டர் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதி. மின்தடையிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அப்போதும் காரை அதில் போடுவது பெரும்பாலும் கைகூடாது: வீட்டு பேட்டரியில் இருப்பது ஐந்து யூனிட் அளவுதான், அது காருக்கு ஒன்றரை மணி நேரத் தீனி. இன்வெர்ட்டர் தனித்து ஓடும்போது நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதந்தால், சார்ஜர் மறுபடி சிவப்பு விளக்கைக் காட்டும்.

இன்னொரு நிறுத்தம் மறைவானது. தெருவில் பல வீடுகள் சோலார் போட்டிருந்து, நண்பகலில் எல்லாரும் வெளியே தள்ளினால் அந்தக் கம்பியில் வோல்ட்டேஜ் ஏறும். 230 வோல்ட்டுக்குப் பத்து விழுக்காடு மேலே, அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால், அதே விதிப்படி இன்வெர்ட்டர் துண்டித்துக்கொள்ளும். சில நிமிடம் கழித்துச் சேரும், மறுபடி துண்டிக்கும். இன்வெர்ட்டரின் செயலியில் அன்றைய உற்பத்திக் கோட்டைப் பார்த்தால் தெரியும்: மணி போல வழவழப்பாக வளைய வேண்டிய கோடு, பதினொன்றிலிருந்து இரண்டு வரை ரம்பப் பல் போலக் கீழே விழுந்து விழுந்து எழும். மேகமில்லாத நாளில் அப்படி இருந்தால் காரணம் வோல்ட்டேஜ்தான். அந்த வேளையில் காரைச் செருகினால் மூன்று கிலோவாட் வீட்டுக்குள்ளேயே செலவாகும், வெளியே தள்ளுவது குறையும், வோல்ட்டேஜ் இறங்கும், இன்வெர்ட்டர் நிற்காது. வீணாகியிருக்க வேண்டிய யூனிட்டுகள் காருக்குள் போகும். நெட் மீட்டரிங் வைத்திருக்கும் வீட்டுக்கும் நண்பகல் சார்ஜிங் பணமாகப் பலன் தருவது இந்த இடத்தில்தான். அதோடு, செயலியின் படத்தை எடுத்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் புகார் தரலாம். மின்மாற்றியில் வோல்ட்டேஜ் படியை ஒன்று இறக்கினாலே பல தெருக்களில் இது தீர்ந்துவிடும்.

எதை முதலில் செய்வது

கார் வாங்கப் போகிறவர் சோலாருக்கு விண்ணப்பிக்கும் முன்பே காரின் யூனிட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கடைசி ஆறு பில்களை எடுத்து, ஆண்டு மொத்த யூனிட்டைக் கூட்டி, வாரத்துக்கு ஓட்டும் கிலோமீட்டரை ஆறால் வகுத்து ஐம்பத்திரண்டால் பெருக்கிச் சேர்த்தால் தேவை தெரியும். இழப்பும் அதில் அடங்கிவிடும். அந்த மொத்தத்தை 1,450ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் என்பது கிடைக்கும். கோவை வீட்டுக்கு 700 யூனிட் கொண்ட ஆறு பில்கள் 4,200. காருக்கு 2,080. கூட்டினால் 6,280, வகுத்தால் நான்கேகால் கிலோவாட்டுக்குச் சற்று மேலே. மழைக்காலத்துக்கும் தூசிக்கும் இடம் விட்டு ஐந்து.

முதலில் மூன்று கிலோவாட் போட்டுவிட்டு, கார் வந்தபின் பலகை கூட்டலாம் என்று நினைப்பவர்கள் இன்வெர்ட்டரை முன்பே ஐந்து கிலோவாட்டாக வாங்கி வைத்தால் பின்னால் பெட்டியை மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் பலகை கூட்டும்போது மின்வாரியத்தின் ஒப்புதல் மறுபடி வேண்டும். மாடியின் அளவு அந்த இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்டக் கூடாது என்பதால், மின்பளுவை உயர்த்தும் விண்ணப்பத்தைக் காருக்கும் பலகைக்கும் சேர்த்து ஒரே முறையாகக் கொடுத்துவிடுவது நல்லது. வீட்டில் காரைச் சார்ஜ் செய்யத் தனி இணைப்பு தேவையில்லை; இருக்கும் இணைப்பிலேயே செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதல் சொன்னது. போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரையிலான தனிக் கம்பியையும் எர்த் குழியையும், சோலார் ஆட்கள் வந்து சுவரைத் துளைக்கும் அதே வாரத்தில் முடித்துக்கொண்டால் பூச்சு வேலை ஒருமுறையோடு போகும்.